‘உள் பெட்டி அளவு’ என்று எழுதினால் எந்தப் பெட்டி?

கேள்வி: தீபாவளிக்கு இனிப்பு, காரம் வைத்து கிஃப்ட் ஹாம்பர் செய்து விற்கிறேன். போன வருடம் வந்த 400 பெரிய பெட்டிகளில் பாதிக்கு மேல் சின்னப் பெட்டிகள் உள்ளே இறங்கவே இல்லை. இறங்கியவற்றில் சிலது கலகலவென்று ஆடியது. சப்ளையரைக் கேட்டால் "நீங்க சொன்ன அளவுதானே" என்கிறார். இந்த முறை உள் பெட்டி அளவு, எவ்வளவு கூடக் குறைய வரலாம் என்பதையெல்லாம் கடிதமாகவே கொடுக்க நினைக்கிறேன். எப்படி எழுத வேண்டும்?

பதில்:

உங்கள் சப்ளையர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சிவகாசியில் டை கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். இப்போது பெட்டி வாங்குகிற பக்கம் இருக்கிறேன். இந்தச் சண்டையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் இரண்டு பேரும் சொன்னது சரியாகவே இருக்கும், பெட்டிதான் பொருந்தாது.

முதல் சிக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "உள் பெட்டி அளவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய பெட்டிக்குள் வைக்கும் சின்னப் பெட்டியின் அளவா, பெரிய பெட்டியின் உட்புற அளவா? நீங்கள் ஒன்றை நினைத்துச் சொல்ல, அவர் இன்னொன்றை நினைத்துக் குறித்துக்கொள்வார். ஃபோனில் சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் கடிதத்தில் "உள் பெட்டி" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். பெரிய பெட்டி, சின்னப் பெட்டி என்று இரண்டு பெயர் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "உட்புற அளவு" அல்லது "வெளிப்புற அளவு" என்று எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பெரிய பெட்டியை நீங்கள் ரிஜிட் பாக்ஸாகத்தான், அதாவது மடிக்க முடியாத கெட்டி அட்டைப் பெட்டியாகத்தான் வாங்குவீர்கள். அதன் சுவர் 2 மி.மீ. கனமுள்ள கப்பா போர்டு. இரண்டு பக்கச் சுவருக்கும் சேர்த்து 4 மி.மீ. மேலே ஒட்டும் பேப்பர், உள்ளே ஒட்டும் லைனிங் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 5 மி.மீ. ஆகிவிடும். நீங்கள் உட்புறத்துக்குச் சொன்ன 305-ஐ அவர் வெளிப்புறம் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே கிடைப்பது 300 மட்டும்தான். மூடி தனியாக வரும் பெட்டியாக இருந்தால் அளவு அடிப்பாகத்துடையது என்றும் எழுத வேண்டும். மூடி பொதுவாக அடிப்பாகத்தை விடப் பெரியது. சிலர் மூடியை அளந்து பார்த்துவிட்டு "சரியாத்தானே இருக்கு" என்பார்கள்.

சின்னப் பெட்டியில் வேறு கதை. 350 ஜிஎஸ்எம் டூப்ளெக்ஸ் போர்டின் கனம் அரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவு, அதனால் பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடுகிற டையைச் செய்கிறவர் அளப்பது உட்புறத்தையும் அல்ல, வெளிப்புறத்தையும் அல்ல. ஒரு மடிப்புக் கோட்டிலிருந்து அடுத்த மடிப்புக் கோடு வரைதான் அவர் கணக்கு. கிரீஸ் டு கிரீஸ் 100 என்று டை போட்டால், ஒட்டி நிமிர்த்திய பெட்டி வெளியே அரை மி.மீ. போல அதிகமாக நிற்கும். பேஸ்டிங் மடிப்பு வரும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு பெட்டிக்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றை வரிசையாக வைக்கும்போது ஒன்றரை மி.மீ.க்கு மேல் போய்விடும்.

அளவை மி.மீ.யில் மட்டும் எழுதுங்கள், இஞ்சைத் தொடவே தொடாதீர்கள். பேச்சில் எல்லோரும் "நாலு இஞ்ச் பெட்டி" என்போம். 4 இஞ்ச் என்பது 101.6 மி.மீ. அதை ஒருவர் 100 என்று வசதியாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 102 என்று டை போடுவார். ஒரு சின்னப் பெட்டி 101.6 ஆக வந்தால் மூன்றுக்கு 304.8. நீங்கள் 300 என்று நினைத்து வைத்த இடத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. கூடிவிட்டது. என் முதல் ஆர்டரில் நானே இப்படி இஞ்சில் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். 250 பெட்டிகளில் சின்னப் பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி இறக்கினோம், மூலை மடங்கி உள்ளே இருந்த மைசூர்பாக் நொறுங்கியது.

இனி டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய வரலாம் என்பது. "ப்ளஸ் மைனஸ் 1" என்பது தொழிலில் வாயில் வரும் சொல். ஒற்றைப் பெட்டிக்கு அது நல்ல சொல்தான், ஒன்றுக்குள் ஒன்று போகிற பெட்டிக்கு அது குழி. கணக்கைப் பாருங்கள். உங்கள் ஹாம்பரில் நீளவாக்கில் 3, அகலவாக்கில் 2 என்று ஆறு சின்னப் பெட்டி வைப்பதாகக் கொள்வோம். சின்னப் பெட்டி வெளிப்புறம் 100, ப்ளஸ் மைனஸ் 1. பெரிய பெட்டி உட்புற நீளம் 302, ப்ளஸ் மைனஸ் 1. பார்க்க 2 மி.மீ. இடைவெளி இருக்கிற மாதிரி தெரிகிறது. ஆனால் சின்னப் பெட்டி 101 வரை வரலாம், மூன்றுக்கு 303. பெரிய பெட்டி 301 வரை வரலாம். இரண்டும் ஒப்புக்கொண்ட அளவுக்குள்தான் இருக்கின்றன, ஆனாலும் 2 மி.மீ. இடிக்கிறது. இதோடு நிரப்பியபின் வரும் உப்பலையும் சேர்த்தால் இன்னும் மோசம். உங்களுக்குப் போன வருடம் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் அவரும் தைரியமாக "நீங்க சொன்ன அளவுதானே" என்கிறார்.

உள்ளே போகிற பொருள் குறையலாம், கூடக் கூடாது. வாங்கிக்கொள்கிற பெட்டி கூடலாம், குறையக் கூடாது. அதனால் டாலரன்ஸை ஒரு பக்கமாகக் கொடுங்கள். சின்னப் பெட்டிக்கு "கூடுதல் 0, குறைவு 1", பெரிய பெட்டிக்கு "கூடுதல் 2, குறைவு 0". சின்னப் பெட்டிக்கு இறுக்கமாகவும் பெரியதற்குத் தாராளமாகவும் வைப்பதற்குக் காரணம் உண்டு. சின்னப் பெட்டி டையில் வெட்டுவது. டை சரியாக இருந்தால் மூவாயிரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும், டை தவறென்றால் மூவாயிரமும் ஒரே மாதிரி தவறும். அதை அச்சடிக்காத மாதிரிப் பெட்டியான முதல் டம்மியிலேயே பிடித்துவிடலாம். ரிஜிட் பாக்ஸ் பெரும்பாலும் கை வேலை. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும். பசை ஈரத்தில் பேப்பர் விரிந்து, காயும்போது சுருங்கிப் போர்டை இழுக்கும். நீளமான சுவர் நடுவில் உள்பக்கமாக லேசாக வளைந்துவிடும். அகலத்தை மூலையில் அளந்தால் 204 இருக்கும், நடுவில் 202தான் இருக்கும். எனவே "சுவரின் நடுவில் அளந்தது" என்பதும் கடிதத்தில் வர வேண்டும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? காலிப் பெட்டியை அளந்து அல்ல. சின்னப் பெட்டியின் வெள்ளை டம்மி ஆறு வாங்கி, விற்கப்போகிற எடையிலேயே மிக்சர், முறுக்கு எல்லாம் பவுச்சில் போட்டு நிரப்புங்கள். மூன்றை வரிசையாக மேசையில் வைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கனமான புத்தகத்தை நிமிர்த்தி லேசாகச் சேர்த்துவிட்டு, புத்தகத்துக்குப் புத்தகம் உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். மிக்சர் பவுச் காற்றோடு சீல் ஆவதால் பெட்டியின் வயிறு உப்பும். காலியில் 300 வந்த வரிசை நிரப்பியபின் 303 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் இரண்டுக்கு 202. உயரம் 65, உப்பலோடு 66. எடுத்து வைக்க விரல் இடம் நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ., உயரத்தில் 1 மி.மீ. சேர்த்தால் பெரிய பெட்டியின் உட்புறம் குறைந்தபட்சம் 305 × 204 × 67 வருகிறது.

தளர்வு எவ்வளவு ஆகும் என்றும் பார்த்துவிடுங்கள். சின்னப் பெட்டி மூன்றும் 99 ஆகவே வந்து, பெரியது 307 ஆக வந்தால், உப்பல் போக மிஞ்சுவது 7 மி.மீ. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஓரத்தில் ஒரு பிடி ஷ்ரெட் பேப்பர் வைத்தால் ஆடாது. இறங்காத பெட்டிக்குத்தான் வைத்தியமே கிடையாது.

கடிதம் இப்படி இருக்கலாம். எண்களை உங்கள் டம்மிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: தீபாவளி ஹாம்பர் பெட்டிகள் – அளவும் டாலரன்ஸும்.

நேற்று ஃபோனில் பேசியபடி பெரிய பெட்டி 500, சின்னப் பெட்டி 3,100 தேவை. இந்தக் கடிதத்தில் பெரிய பெட்டி என்பது மூடியோடு வரும் ரிஜிட் பாக்ஸ். சின்னப் பெட்டி என்பது அதற்குள் ஆறு வைக்கும் டூப்ளெக்ஸ் பெட்டி. எல்லா அளவும் மி.மீ.யில், நீளம் × அகலம் × உயரம் என்ற வரிசையில் இருக்கிறது. முன்பு இஞ்சில் சொன்ன அளவுகளை விட்டுவிடவும்.

சின்னப் பெட்டி: ஒட்டி நிமிர்த்தியபின் வெளிப்புற அளவு 100 × 100 × 65. மூன்று அளவிலும் கூடுதல் 0, குறைவு 1. இது கிரீஸ் டு கிரீஸ் அளவு அல்ல. போர்டு கனத்தைக் கழித்து டை போடவும். போர்டு 350 ஜிஎஸ்எம்.

பெரிய பெட்டி: அடிப்பாகத்தின் உட்புற அளவு, லைனிங் ஒட்டிக் காய்ந்தபின், 305 × 204 × 67. நீளத்திலும் அகலத்திலும் கூடுதல் 2, குறைவு 0. உயரத்தில் கூடுதல் 1, குறைவு 0. நீளமும் அகலமும் சுவரின் நடுவில் அளந்தவை. போர்டு கனம் 2. மூடியின் அளவை நீங்களே முடிவு செய்யலாம். ஆனால் சின்னப் பெட்டி ஆறும் நிரப்பி வைத்த நிலையில் மூடி அடிவரை இறங்க வேண்டும்.

அளந்து பார்ப்பதில் நமக்குள் வேறுபாடு வராதிருக்க இத்துடன் இரண்டு அக்ரிலிக் தகடு அனுப்பியிருக்கிறேன். அதே அளவில் இன்னொரு ஜோடி என்னிடம் இருக்கிறது. முதல் தகடு 305 × 204. இது பெரிய பெட்டிக்குள் அழுத்தாமல் அடிவரை இறங்க வேண்டும். இரண்டாவது தகட்டின் நடுவில் 100 × 100 ஜன்னல் வெட்டியிருக்கிறது. சின்னப் பெட்டி காலியாக அதில் நுழைந்து வெளியே வர வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் வெள்ளை டம்மியில் பெரியது 2, சின்னது 12 அனுப்பவும். சரியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்புவேன். அதே மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கும். அதற்குப் பிறகு டை, போர்டு, லைனிங் எதை மாற்றுவதாக இருந்தாலும் முன்பே சொல்லவும்.

சரக்கு வந்து மூன்று நாளுக்குள், வெவ்வேறு கட்டுகளிலிருந்து பெரிய பெட்டி 20, சின்னப் பெட்டி 50 எடுத்துத் தகட்டால் பார்ப்பேன். இரண்டில் எந்த வகையிலாவது இரண்டோ அதற்கு மேலோ தவறினால் அந்த வகையை முழுவதும் பார்த்துவிட்டு, தவறியவற்றைத் திருப்பி அனுப்புவேன். அவற்றுக்குப் பதில் பெட்டி பத்து நாளுக்குள் வேண்டும், போக்குவரத்துச் செலவு உங்களுடையது. மூன்று நாளுக்குள் நான் எதுவும் சொல்லவில்லை என்றால் அளவை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையில் 5 சதவீதம் கூட வந்தால் எடுத்துக்கொள்வேன். குறையக் கூடாது.

தீபாவளிக்கு 30 நாள் முன்பு சரக்கு என் கைக்கு வர வேண்டும். பாதி முன்பணம் டம்மி சரியானதும், மீதி பரிசோதனை முடிந்ததும் அனுப்புகிறேன். இவை உங்களுக்குச் சரி என்றால் இந்தக் கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டு அனுப்பவும். எந்த அளவாவது முடியாது என்றால் டை போடும் முன்பே சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
(உங்கள் பெயர்)

கடிதம் இவ்வளவுதான். அதில் வரும் அக்ரிலிக் தகட்டைப் பார்த்து "இது எதுக்குங்க" என்று உங்களுக்கே தோன்றலாம். ஸ்கேலால் ஒரே பெட்டியை இரண்டு பேர் அளந்தால் ஒரு மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒருவர் லைனிங்கை அழுத்தி அளப்பார், இன்னொருவர் ஸ்கேலைச் சாய்த்துப் பிடிப்பார். தகடு இறங்கினால் இறங்கியது, இல்லையென்றால் இல்லை. கடைப் பெயர்ப் பலகை செய்கிறவர்கள் அக்ரிலிக்கை லேசரில் வெட்டித் தருவார்கள். வெட்டியதை அங்கேயே அளந்து வாங்குங்கள். லேசர் ஓரத்தில் கொஞ்சம் தின்றுவிடுவதால் தகடு சற்றுச் சிறியதாகவும் ஜன்னல் சற்றுப் பெரியதாகவும் வந்துவிடலாம். பிளைவுட்டில் செய்ய வேண்டாம், மழைக்காலத்தில் அதுவே உப்பிக்கொள்ளும். இந்தத் தகடு குறைந்தபட்ச அளவைத்தான் காட்டும். 307-க்கு மேல் போன பெட்டியைப் பிடிக்க 308 நீளத்தில் ஒரு பட்டையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே போய்விட்டால் பெட்டி பெரிது. அந்தப் பட்டையைச் சப்ளையருக்கு அனுப்பத் தேவையில்லை. பெட்டி கொஞ்சம் பெரிதாக வந்தால் ஷ்ரெட் பேப்பரோடு போய்விடும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

மூன்று நாள் கெடுவை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்வது வீண் கறார் அல்ல. தீபாவளி சமயம் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை நேரம். பேப்பரும் போர்டும் ஈரம் உறிஞ்சும், விரியும், வளையும். இரண்டு வாரம் உங்கள் கூடத்துத் தரையில் கிடந்த பெட்டி இறங்கவில்லை என்றால் தவறு எங்கே நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த அன்றே கட்டுப் பிரித்து, மேலிருக்கும் கட்டை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். அடிக்கட்டில் பாரம் ஏறி நசுங்கியவை கிடைக்கும். பார்த்த பிறகு சாக்குமேல், பலகைமேல் வையுங்கள், சிமெண்ட் தரையில் நேரடியாக வேண்டாம்.

கடிதத்தில் அவர் தடுக்கப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். "குறைவு 0-னு எழுதினா எப்படிம்மா, கை வேலையில கொஞ்சம் முன்னப் பின்னதான் வரும்" என்பார். அவர் சொல்வதும் சரிதான். அவர்கள் பழக்கம் நடு அளவைச் சொல்லி ப்ளஸ் மைனஸ் போடுவது. ஆள் மாறி ஆள் கைக்குப் போகும் சீட்டில் அவர்கள் 305 என்று மட்டும் குறித்துவிட்டு ப்ளஸ் மைனஸை மனதில் போட்டுக்கொள்வார்கள். அங்கே பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெரிய பெட்டியை 306 × 205, ப்ளஸ் மைனஸ் 1 என்று மாற்றிக் கொடுங்கள். உயரத்தை 67.5, ப்ளஸ் மைனஸ் அரை என்று எழுதலாம். சின்னப் பெட்டி 99.5 × 99.5 × 64.5, ப்ளஸ் மைனஸ் அரை. எல்லை அதே 305–307, அதே 99–100. அவர் நடு அளவுக்கே கப்பாவை வெட்டுவார், உங்களுக்கும் ஒன்றும் குறையவில்லை. தகடு மட்டும் பழைய 305 × 204 ஆகவே இருக்கட்டும்.